800 எம்.பி.யிலிருந்து 15 எம்.பி.க்கு



இணையத்தில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் சேவைகள் பலவும் சர்வர்களில் கண்டெய்னர்களாகத்தான் ஓடுகின்றன. ஒரு புரோகிராமை, அது ஓடத் தேவையான கோப்புகள் அனைத்தோடும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டிவிடுவார்கள். அந்தப் பொதிக்கு இமேஜ் என்று பெயர். 2013-இல் வெளிவந்த டாக்கர் என்ற மென்பொருள்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. இமேஜை எப்படிக் கட்டுவது என்பதை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் டாக்கர்ஃபைல். அதில் எந்த வரியை எங்கே எழுதுகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோ என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய சேவை. வேறொரு தளத்திலிருந்து வானிலைத் தகவலை வாங்கி, கேட்பவர்களுக்குத் தரும். அவ்வளவுதான் அதன் வேலை. இதற்கு டாக்கர்ஃபைல் எழுதும் ஒருவர், பெரும்பாலும் கோ மொழிக்கான அதிகாரபூர்வ இமேஜை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, தன் நிரலை அதில் காப்பி செய்து, கம்பைல் செய்துவிடுவார். சேவை நன்றாகவே ஓடும். ஆனால் இமேஜின் அளவைப் பார்த்தால் 800 எம்.பி.யைத் தாண்டியிருக்கும். உள்ளே உண்மையில் வேலை செய்யும் புரோகிராமோ 15 எம்.பி. இருந்தாலே அதிகம். மீதியெல்லாம் கம்பைலர், அதன் துணைக் கருவிகள், டெபியன் லினக்ஸின் பாகங்கள். கம்பைல் முடிந்த பிறகு இவற்றுக்கு வேலையே இல்லை. கட்டிடம் எழும்பிய பிறகும் சாரத்தைப் பிரிக்காமல், அதோடேயே குடிவைப்பது போன்றது இது.

சரி, வேலை முடிந்ததும் கடைசி வரியில் கம்பைலரை அழித்துவிட்டால் என்ன என்று தோன்றும். அழிக்கலாம், ஆனால் இமேஜ் ஒரு எம்.பி. கூடக் குறையாது. காரணம், இமேஜ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த லேயர்களின் தொகுப்பு. கோப்புகளைச் சேர்க்கும் அல்லது மாற்றும் ஒவ்வொரு வரியும் ஒரு புதிய லேயரை உண்டாக்கும். ஒருமுறை உருவான லேயரைப் பிறகு யாரும் தொட முடியாது. மேலே இருக்கும் லேயரில் ஒரு கோப்பை அழித்தால், “இந்தக் கோப்பை இனிக் காட்டாதே” என்ற குறிப்பு மட்டுமே பதிவாகும். கோப்பு கீழே அப்படியே கிடக்கும். இமேஜை இறக்கும் ஒவ்வொரு சர்வரும் அதையும் சேர்த்துத்தான் இறக்கும். `docker history` என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், எந்த வரி எத்தனை எம்.பி. சேர்த்தது என்று தெரிந்துவிடும். கடவுச்சொல் உள்ள கோப்பை ஒரு வரியில் காப்பி செய்து, அடுத்த வரியில் அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. இமேஜ் யார் கையில் கிடைத்தாலும், கீழ் லேயரைப் பிரித்து அந்தக் கடவுச்சொல்லை எடுத்துவிடலாம். அளவு பெருப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆக, உள்ளே போனதை வெளியே எடுக்க வழியில்லை. முதலிலேயே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழி 2017-இல் டாக்கரின் 17.05 பதிப்பில் வந்தது. மல்டி-ஸ்டேஜ் பில்ட் என்பார்கள். ஒரே டாக்கர்ஃபைலுக்குள் `FROM` என்ற வரியை இரண்டு முறை எழுதலாம். முதல் கட்டம் கோ இமேஜில் தொடங்கும்; அந்த `FROM` வரியின் முடிவில் `AS build` என்று அதற்குப் பெயர் வைக்கிறோம். கம்பைல் அங்கே நடக்கும். இரண்டாவது `FROM` வந்ததும் டாக்கர் அந்த வரியில் சொன்ன புதிய இமேஜிலிருந்து மறுபடி தொடங்குகிறது. அங்கே `COPY --from=build` என்று எழுதி, முதல் கட்டத்திலிருந்து கம்பைல் ஆன புரோகிராமை மட்டும் எடுத்து வைக்கிறோம். கடைசிக் கட்டத்தில் இருப்பது மட்டுமே இமேஜாகும். முதல் கட்டத்தின் 800 எம்.பி., இமேஜைக் கட்டிய கணினியோடு நின்றுவிடும்.

இரண்டாவது கட்டத்துக்கு `scratch` என்ற முழு வெற்று இமேஜையே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கோப்புகூடக் கிடையாது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கண்டெய்னரை ஓட விட்டவுடன் `no such file or directory` என்று பிழை வரும். கோப்பு அங்கேயே இருக்கும், பெயரும் சரியாக இருக்கும். உண்மையில் இல்லாமல் போனது வேறொன்று. நெட்வொர்க் சார்ந்த கோ புரோகிராம்கள், கம்பைல் செய்யும் இடத்தில் சி கம்பைலர் இருந்தால், லினக்ஸின் சி நூலகத்தைச் சார்ந்தே உருவாகும். வெற்று இமேஜில் அந்த நூலகமும் இல்லை, அதை ஏற்றித் தரும் லோடரும் இல்லை. லோடர் இல்லை என்பதைத்தான் லினக்ஸ் அப்படிச் சொல்கிறது. கம்பைல் செய்யும் வரியில் `CGO_ENABLED=0` என்று சேர்த்துவிட்டால், புரோகிராம் எதையும் சாராமல் தனித்து நிற்கும்.

அதைத் தாண்டினாலும், நம் வானிலைச் சேவை வெளித்தளத்தை அழைக்கும்போது `x509` என்று குறிப்பிடும் ஒரு பிழை வரும். எதிரே இருக்கும் தளம் நம்பகமானதா என்று சரிபார்க்க உதவும் சான்றிதழ்களின் கோப்பும் வெற்று இமேஜில் இல்லை. முதல் கட்டத்தில் அது `/etc/ssl/certs` என்ற இடத்தில் இருக்கிறது. அதையும் ஒரு வரியில் எடுத்து வைத்துவிட்டால் போதும். மொத்தம் சுமார் 15 எம்.பி. அளவில் வேலை முடிந்தது.

இமேஜ் சிறுத்துவிட்டது. அடுத்தது, அதைக் கட்டும் நேரம். லேயர்களை மாற்ற முடியாது என்பதால் ஒரு நன்மையும் உண்டு: ஒருமுறை கட்டியதை டாக்கர் அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியிலும் “முன்பு செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா?” என்று பார்க்கும். இல்லையென்றால் திரையில் `CACHED` என்று காட்டிவிட்டுத் தாண்டிப் போகும். ஆனால் ஒரு வரியில் மாற்றம் தென்பட்டால், அந்தக் கட்டத்தில் அதற்குக் கீழே உள்ள எல்லா வரிகளையும் புதிதாகச் செய்யும்.

இப்போது, நிரல் முழுவதையும் முதலில் காப்பி செய்து, பிறகு வெளி நூலகங்களை இறக்குவதாக எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஏதோ ஒரு கோப்பில் ஒரு சொல்லைத் திருத்துகிறீர்கள். காப்பி செய்யும் வரி மாறிவிட்டது. உடனே அத்தனை நூலகங்களும் மறுபடி இணையத்திலிருந்து இறங்கும், அவற்றில் ஒன்றுகூட மாறாதபோதும். ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். எந்தெந்த நூலகம் வேண்டும் என்ற பட்டியல் `go.mod`, `go.sum` என்ற இரண்டு கோப்புகளில் இருக்கிறது. முதலில் அந்த இரண்டை மட்டும் காப்பி செய்து, `go mod download` கொடுங்கள். அதற்குப் பிறகே மீதி நிரலைக் காப்பி செய்து கம்பைல் செய்யுங்கள். அடிக்கடி மாறாதது மேலே, தினமும் மாறுவது கீழே. இனி ஒரு சொல்லைத் திருத்தினால் கம்பைல் மட்டும்தான் மறுபடி நடக்கும்.

இப்படி எழுதியும் ஒவ்வொரு முறையும் முழுதாகக் கம்பைல் ஆகிறது, நிரலில் ஒன்றையும் தொடவில்லை என்றால், ஃபோல்டருக்குள் இருக்கும் `.git` மீது சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு கமிட்டிலும் அது மாறும். முழு ஃபோல்டரையும் காப்பி செய்யும் வரி அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். `.dockerignore` என்ற கோப்பில் அதன் பெயரை எழுதி வைத்தால் டாக்கர் அதைப் பார்க்காது.

உங்கள் மடிக்கணினியில் வேகமாக இருப்பது, குழுவின் பொதுவான பில்ட் சர்வரில் பழையபடி மெதுவாகவே இருக்கலாம். அங்கே ஒவ்வொரு பில்டும் புதிய கணினியில் நடப்பதால் பழைய லேயர்கள் கையில் இருக்காது. முந்தைய இமேஜை இறக்கி வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் நூலகங்கள் இருக்கும் முதல் கட்டத்தை நாம்தான் இமேஜில் சேர்க்கவில்லையே. கேஷைத் தனியாக ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பும் `--cache-to` என்ற தேர்வில் `mode=max` என்று கொடுத்தால், இடைக்கட்டங்களின் லேயர்களும் சேர்ந்தே போகும். அடுத்த பில்டில் `--cache-from` கொடுத்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.