கடையில் இருக்கும் சரக்கு யாருடையது?

நெகமம் பக்கத்தில் காட்டன் சேலை நெய்து வாங்கி விற்பவர்கள், சென்னைக் கடைகளுக்குக் கன்சைன்மென்ட் முறையில் அனுப்புபவர்கள், மார்ச் முடிவதற்குள் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சேலை ஒன்றுக்கு உங்கள் அடக்கம் 1,000 ரூபாய். 100 சேலையைச் சென்னைக்கு அனுப்புகிறீர்கள். லாரி வாடகை 2,000. கடைக்காரர் 1,500 ரூபாய்க்கு விற்பார், அவருக்கு 10 சதவீதம் கமிஷன். முன்பணமாக 40,000 கொடுத்திருக்கிறார். மார்ச் 31 அன்று 70 சேலை விற்றிருக்கிறது, 30 சேலை அவர் அலமாரியில் கிடக்கிறது.

அந்த 30 சேலை யாருடையது? உங்களுடையதுதான். அனுப்பி வைத்ததால் சரக்கு கைமாறியதே தவிர, உரிமை மாறவில்லை. நாளைக்குக் கடையில் தீப்பிடித்தால் நஷ்டம் உங்களுக்கு, அவருடைய அஜாக்கிரதை காரணமாக இருந்தால் ஒழிய. அதனால் இன்ஷூரன்ஸில் உங்கள் சரக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரின் பாலிசி அவர் சொந்தச் சரக்குக்கு மட்டும் இருந்தால், உங்கள் சேலைக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

ஒப்பந்தத்தின் தலைப்பில் கன்சைன்மென்ட் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. விற்காததைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? விற்றால்தான் அவர் பணம் தர வேண்டுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கன்சைன்மென்ட். “60 நாளில் விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் தந்துவிட வேண்டும்” என்று ஒரு வரி இருந்தால், 60 நாள் முடிந்ததும் அது அவருக்கு நீங்கள் விற்ற சரக்கு ஆகிவிடும்.

சரி, வருமானம் எப்போது? வாடிக்கையாளர் கையில் சேலை போகும்போது. அனுப்பிய அன்றும் இல்லை, கடைக்காரர் பணம் போட்ட அன்றும் இல்லை. அந்த 40,000 முன்பணம் உங்கள் புத்தகத்தில் கடன்தான். அதை விற்பனை என்று எழுதாதீர்கள். கடைக்காரர் மாதாமாதம் அனுப்பும் விற்பனைக் கணக்கு, அதாவது அக்கவுன்ட் சேல்ஸ், அதுதான் உங்கள் ஆதாரம்.

விற்பனை 70 சேலைக்கு 1,05,000 ரூபாய். லாரி வாடகையையும் பங்கு போட்டால் ஒரு சேலையின் அடக்கம் 1,020. விற்றதற்கு அடக்கம் 71,400. கமிஷன் 10,500. மிச்சம் 23,100, அதுதான் லாபம். மீதி 30 சேலை, 30,600 ரூபாய்க்கு உங்கள் இருப்பில் நிற்கும். 100 சேலையையும் அனுப்பிய அன்றே விற்பனையாக எழுதியிருந்தால், கமிஷன் போகவும் கணக்கு 33,000 லாபம் காட்டும். இல்லாத லாபத்துக்கு வருமான வரி கட்டுவீர்கள்.

கமிஷனில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கடைக்காரர் கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் கணக்கு முடிப்பார். 94,500 என்று பார்த்ததும் அதையே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். லாபம் மாறாது, உண்மைதான். ஆனால் விற்பனைத் தொகை குறைந்துவிடும், கமிஷன் என்ற செலவே புத்தகத்தில் இருக்காது. விற்பனை 1,05,000, கமிஷன் செலவு 10,500 என்று இரண்டு வரியாக எழுதுங்கள். முன்பணத்தையும் கழித்தால் அவர் தர வேண்டியது 54,500. ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை. கடைக்காரருக்கோ வருமானம் 10,500 மட்டும். 1,05,000-ஐத் தன் விற்பனையாகவும் 30 சேலையைத் தன் இருப்பாகவும் அவர் காட்டினால் தவறு.

கடனுக்கு விற்று வாங்கியவர் ஏமாற்றினால், அந்த நஷ்டமும் பொதுவாக உங்களுக்குத்தான். அதை ஏஜென்ட் ஏற்க வேண்டும் என்றால் ‘டெல் கிரெடரி’ என்ற கூடுதல் கமிஷன் தர வேண்டும்.

இனி ஜிஎஸ்டி. இது வேறு வழியில் போகிறது. கடைக்காரர் தன் பெயரில் பில் போட்டு விற்கிறார் என்றால், நீங்கள் அவருக்கு அனுப்புவதே ஜிஎஸ்டி சட்டத்தின் முதல் அட்டவணைப்படி சப்ளை. அனுப்பும்போதே வரி இன்வாய்ஸ் போட வேண்டும். அவர் விற்கும் விலையில் 90 சதவீதத்தை மதிப்பாக எடுக்க விதி 29 அனுமதிக்கிறது. சேலைக்கு 1,350 வீதம் 1,35,000 ரூபாய், 5 சதவீத வரி 6,750. அந்த வரியை அவர் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வார். உங்கள் பெயரிலேயே பில் போடுகிறார் என்றால் இந்த விதி வராது.

ஆக, ஜிஎஸ்டி ரிட்டர்னில் 1,35,000, லாப நட்டக் கணக்கில் 1,05,000 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டும் சரிதான். ஆனால் வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள். நோட்டீஸ் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். மார்ச் 31 தேதியிட்ட விற்பனைக் கணக்கையும், கையிருப்புச் சேலைகளின் எண்ணிக்கையையும் கடைக்காரரிடம் கையெழுத்தோடு மார்ச் முடிந்ததும் கேட்டு வாங்கிவிடுங்கள்.