வேலை அனுபவம் இல்லாத முதற் சுயவிபரக் கோவை

(சங்கத்தின் தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகள் அனுப்பும் சுயவிபரக் கோவைகளை நாங்கள் சிலர் பகிர்ந்து வாசித்துத் திருத்திக் கொடுக்கிறோம். பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சமயம், விவாக நிலை, பிறகு சாதாரண தரப் பெறுபேறுகள் முழு அட்டவணையாக. பல்கலைக்கழகத்தில் செய்த செயற்திட்டங்களோ இரண்டாம் பக்கத்தின் அடியில், உறுதிமொழிக்குச் சற்று மேலே ஒதுங்கிக் கிடக்கும்.

அரச பதவிக்கு வர்த்தமானியில் வரும் மாதிரிப் படிவத்தை அப்படியே நிரப்ப வேண்டும். அது வேறு கதை. தனியார் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் போதும். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். அடுத்துப் பட்டம், இரண்டே வரியில். அதன் கீழே, மற்றவர்கள் வேலை அனுபவம் எழுதும் இடத்தில், உங்கள் செயற்திட்டங்கள் வரட்டும். இரண்டு அல்லது மூன்று போதும். விண்ணப்பிக்கும் வேலைக்கு மிக நெருங்கியது முதலில். உயர்தரத்துக்கு ஒரு வரி. சாதாரண தரத்தை விட்டுவிடலாம்.

செயற்திட்டத்தை எழுதும் விதத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கணினி விஞ்ஞானம் படித்த ஒரு பிள்ளை எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கிளினிக் முற்பதிவுத் தொகுதி. ஜாவா, மைஎஸ்கியூஎல். குழுச் செயற்திட்டம்." வாசிப்பவருக்கு இதில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவளோடு இருந்து கேட்டோம். குழுவில் நால்வர், தரவுத்தளம் அவளுடைய பொறுப்பு. இருவர் ஒரே கணத்தில் பதிந்தால் இருவருக்கும் ஒரே இலக்கம் விழுந்திருக்கிறது. வைத்தியர், திகதி, இலக்கம் மூன்றும் சேர்ந்து இரண்டாம் தடவை வரமுடியாதபடி தரவுத்தளத்திலேயே தடை வைத்து அதைத் தீர்த்திருக்கிறாள். திருத்திய பிறகு இப்படி வந்தது:

"நால்வர் குழுவில் தரவுத்தளத்தை வடிவமைத்தேன். ஒரே நேரப் பதிவுகளில் இலக்கம் இரட்டித்ததைக் கண்டறிந்து, தரவுத்தளக் கட்டுப்பாட்டினால் தடுத்தேன். இரு கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் பதிந்து பரீட்சித்தேன்."

கோவை ஆங்கிலத்தில்தான் போகும். ஆனாலும் முதலில் இப்படித் தமிழில் சொல்லிப் பார்த்தால் விடயம் தெளியும். "நாங்கள் செய்தோம்" என்பதை "நான் செய்தேன்" என்று பிரித்தெடுக்க எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம். குழுவின் அளவையும் சொல்லிவிட்டால் அது தற்பெருமை ஆகாது. அளந்து பார்க்காத சதவீதங்களைப் போடாதீர்கள். "எப்படி அளந்தீர்கள்?" என்பதுதான் நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்வியாக வரும்.

திறன்களின் பட்டியலையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பைதன் என்று எழுதியிருந்து, எந்தச் செயற்திட்டத்திலும் பைதன் இல்லையென்றால், அதை எடுத்துவிடுங்கள். அல்லது அதில் சிறிதாக ஒன்றைச் செய்து முடித்துவிட்டுச் சேருங்கள்.

சான்றாளராக உங்கள் செயற்திட்ட மேற்பார்வையாளரைப் போடுங்கள், ஊர்ப் பெரியவரை அல்ல. போடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டு, கோவையின் ஒரு பிரதியையும் அனுப்பிவையுங்கள்.