நெடும்பாடக் காணொலி: தலைப்பு, விளக்கம், வரிசை, கால இடைவெளி



சல்மான் கான், 2004இல் பாஸ்டனிலிருந்தபடியே நியூ ஆர்லியன்சிலிருந்த உறவுப்பெண்ணுக்குக் கணிதம் கற்பித்தார். 2006இல் அப்பாடங்களை யூடியூபில் ஏற்றினார். அவற்றின் தலைப்பில் நின்றது அவர் பெயரன்று, பாடத்தின் பெயரே.

கிள்ளானில் ஓர் ஆசிரியை, வலிமிகும் இடங்களை நாற்பது நிமிடக் காணொலியாக்குவதாகக் கொள்வோம். முதல் தடை நீளம். கைப்பேசி எண்ணால் உறுதிசெய்யப்படாத கணக்கு பதினைந்து நிமிடத்திற்கு மேற்பட்ட காணொலியை ஏற்காது. ஆகவே, ஒளிப்பதிவுக்கு முன்னரே கணக்கை உறுதிசெய்க.

அடுத்தது தலைப்பு. ‘தமிழமுது – பகுதி 7’ என்பதை எந்த மாணவரும் தேடார். ‘வலிமிகும் இடங்கள்: ஐ, கு உருபுகளுக்குப் பின் | படிவம் 4’ என்பதே தேடப்படும். தலைப்பின் எல்லை நூறு குறியீடுகள். ‘தமிழ்’ கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் ஐந்து. கைப்பேசித் திரை நீண்ட தலைப்பின் வாலை வெட்டிவிடும். எனவே பாடப்பெயர் முதலில் வருக.

விளக்கத்தின் முதல் இரு வரிகளில் பாடத்தைச் சொல்லி, valimigum idangal என உரோமன் எழுத்திலும் ஒருமுறை இடுக; தமிழ் விசைப்பலகை இல்லாதவர் அவ்வாறே தேடுவார். பின்னர் நேரக்குறிகள்:

```
0:00 வலிமிகுதல் என்றால் என்ன
4:10 அந்த, இந்த, எந்த
13:30 ஐ உருபு: நூலைப் படித்தான்
22:05 கு உருபு: கடைக்குச் சென்றான்
31:40 பயிற்சி
```

முதற்குறி 0:00 ஆகவும், குறிகள் மூன்றுக்குக் குறையாமலும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையாமலும் இருந்தால்தான் காணொலி அத்தியாயங்களாகப் பிரியும்.

அலைவரிசைப் பக்கம் புதியதை மேலே காட்டுவதால் முதற்பாடம் அடியில் அமிழ்ந்துவிடும். இதற்கு மருந்து தொகுப்புப் பட்டியல். பதிவேற்றிய நாளைக் கருதாமல், கற்கும் முறைப்படி கையால் வரிசைப்படுத்துக. வலிமிகும் இடங்களுக்கு ஒன்று, வலிமிகா இடங்களுக்கு மற்றொன்று எனப் பட்டியல்கள் சிறியனவாய் இருப்பின் மாணவர் முடிவுவரை செல்வர்.

வேகத்தைப் பொறுத்தவரை, வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டுத் தேர்வுத்தாள் திருத்தும் மாதத்தில் நின்றுபோவதைவிட இரு வாரத்திற்கு ஒன்று மேல். நான்கு பாடங்களை முன்னரே பதிவுசெய்து, வெளியீட்டு நாளைக் குறித்து ஏற்றிவைத்தால், இரண்டு மாதம் கையிருப்பு உண்டு.

பிழையைப் பார்வையாளர் நிலைப்புக் கோடே காட்டும். முதல் அரை நிமிடத்தில் கோடு செங்குத்தாக வீழ்ந்தால், தலைப்பு சொன்னது உடனே கிடைக்கவில்லை. வாழ்த்துரை நீண்டுவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். பயிற்சி தொடங்கும் 31:40இல் கோடு மேலெழுந்தால், மாணவர் தேடி வருவது பயிற்சியே. அதைத் தனிக் காணொலியாக்கி, அதே பட்டியலில் பாடத்தின் அடுத்து வைக்க.