வானிலை அறிவித்தலும் பேச்சுத் தமிழும்



வானிலை அறிவித்தல் கண்ணால் வாசிப்பதற்காக எழுதப்படுவது. பின்வருமாறு ஓர் அறிவித்தல் வந்திருப்பதாகக் கொள்வோம்: “வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். அவற்றுட் சிலவற்றில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை எதிர்பார்க்கப்படுகின்றது. மன்னாரிலிருந்து காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் மணிக்கு 30-40 கிலோமீற்றர். இடையிடையே 60 கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம்.”

இதனை வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுவது போல மாற்றுதல் வேண்டும். எண்களைத் தொடாவிட்டாற் போதும் என்று நினைப்பது இயல்பே. ஆனால், நமது பேச்சுத் தமிழில் எண் தானாகவே இளகிவிடும். “முப்பது நாற்பது கிலோமீற்றர்” என்று சேர்த்துச் சொன்னால், ஏறக்குறைய அவ்வளவு என்பதே பொருள். தாளிலே கிடந்த சிறு கோடு காதுக்கு எட்டாது. “ஒரு எழுபத்தைந்து மில்லிமீற்றர்” என்றாலும் அப்படியே. அந்த “ஒரு” அன்பாக ஒலிக்கும், அளவையோ குலைத்துவிடும். “பின்னேரம் மழை” என்றால், கேட்பவர் நான்கு மணியை எண்ணிக்கொள்வார். அவர் முற்றத்து மிளகாய் 2 மணிக்கே நனைந்துவிடும்.

எண்ணைவிட அதனோடு ஒட்டி வரும் சொல்லே பெரும்பாலும் தவறிப்போகின்றது. “60 கிலோமீற்றர் காற்று” என்று சுருக்கினால், இடையிடையே எழும் வீச்சு நாள் முழுதும் வீசுங் காற்றாகிவிடும். அந்த 60ஐ விட்டுவிட்டாலோ, வள்ளம் தள்ளுபவர் 40ஐ நம்பிக் கடலுக்குப் போவார்.

ஆகவே, இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

“வடக்கு மாகாணத்து நேயர்களே, மிளகாய் காயப்போட்டிருக்கிறீர்களா? 2 மணிக்கு முன்னரே அள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு சில இடங்களில் இடியோடு மழை வரக்கூடும். எல்லா இடத்திலும் அல்ல. வருகின்ற இடங்களிலும் சிலவற்றிலே 75 மில்லிமீற்றருக்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். 1 சதுர மீற்றர் முற்றத்திலே 75 லீற்றருக்கு மேல் தண்ணீர் விழுவது போல! கடலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். மன்னாரிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் காற்று மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் வரை. இடையிடையே 60 வரையும் ஏறலாம்.”

லீற்றர்க் கணக்கு அறிவித்தலில் இல்லை. ஆயினும் அது சரியானதே. 1 மில்லிமீற்றர் மழை, 1 சதுர மீற்றர் நிலத்திலே 1 லீற்றர் நீராகும். இவ்வாறு கணக்கிலே நிற்கும் உவமையைச் சேர்க்கலாம். “கொட்டித் தீர்க்கப் போகிறது” என்பதைச் சேர்த்தலாகாது.

எழுதி முடித்ததும் அறிவித்தலைக் காணாத ஒருவருக்கு ஒரே தரம் வாசித்துக் காட்டுங்கள். எந்த எண், எங்கே, எப்போது என்பதை அவர் எழுதட்டும். அவர் தாளில் “60” மட்டும் இருந்து “இடையிடையே” இல்லையென்றால், அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுதல் வேண்டும்.