தோட்டத்துக் கடையும் டின் இலக்கமும்

போன கூட்டத்தில் டிக்கோயாவில் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா கேட்டார்: “தம்பி, நாளைக்கு நாப்பத்தஞ்சாயிரத்துக்கு யாவாரம் நடக்குது. எனக்கு எவ்வளவு வரி?” அதற்கான பதிலையே இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் பதிவு. பிரதேச செயலகத்தில் வாங்கும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் வேறு, வரி இலக்கம் வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு இருப்பவர்கள் பலர். டின் இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களமே தருகிறது. www.ird.gov.lk தளத்தில் தேசிய அடையாள அட்டை விபரங்களைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். விபரத்திரட்டை இணையத்தில் அனுப்புவதற்குத் தனியாக ஒரு பின் இலக்கமும் வேண்டும். அதை நவம்பர் கடைசியில் தேடி ஓடாமல் இப்போதே கேட்டு வையுங்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் முகவரியில்தான். ஒரே முகவரியில் பல குடும்பங்கள் இருப்பதால் கடிதங்கள் தோட்ட ஆபீசிலேயே தங்கிவிடும். ஆகவே உங்கள் சொந்தக் கைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கொடுங்கள், விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரருடையதை வேண்டாம். லயத்திலிருந்து புது வீட்டுக்கு மாறியவர்கள் புது முகவரியைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இனி அக்காவின் கணக்கு. வருமான வரி விற்பனைக்கு அல்ல, இலாபத்துக்கு. வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025 ஏப்ரலில் தொடங்கிய வருடத்தில் விற்பனை 1 கோடி 60 இலட்சம் என்று வையுங்கள். சரக்கு, லொறிக்கூலி, மின்சாரம் எல்லாம் 1 கோடி 39 இலட்சம். மிச்சம் 21 இலட்சம். அதில் 18 இலட்சம் தனிநபர் விலக்கு. மீதி 3 இலட்சத்துக்கு 6 வீதம், அதாவது 18,000 ரூபாய். தோட்டச் சம்பளம் போன்ற வேறு வருமானம் இருந்தால் அதையும் கூட்டித்தான் 18 இலட்சத்தைக் கழிக்க வேண்டும்.

செலவைக் காட்டச் சிட்டை வேண்டும். ஹற்றனில் சரக்கு எடுக்கும்போது பில் கேட்டு வாங்கி, மாதவாரியாகக் கட்டி வையுங்கள். கடன் கொப்பி மட்டும் போதாது. அதில் யார் தர வேண்டும் என்பதுதான் இருக்கும், நீங்கள் என்ன செலவழித்தீர்கள் என்பது இருக்காது.

அந்த 18,000 ரூபாயை நான்காகப் பிரித்து ஒவ்வொரு தடவையும் 4,500 கட்டலாம்: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, பிறகு மே 15. வருடம் முடிந்தபின் மீதி ஏதும் வந்தால் செப்டம்பர் 30க்குள் கட்ட வேண்டும். விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30.

பணம் கட்டியாயிற்றே என்று விபரத்திரட்டை விட்டுவிடாதீர்கள். அது பிந்தினால் தண்டம் 50,000 ரூபாயிலிருந்து தொடங்கி, மாதத்துக்கு 10,000 கூடும். அக்காவின் முழு வரியே 18,000தான். கட்டிய ரசீதைப் போலவே, விபரத்திரட்டு அனுப்பியதும் வரும் ஒப்புகையையும் அச்செடுத்து அதே பில் கட்டோடு வையுங்கள்.