நான்கு மதிப்பெண்களைக் கூட்டாதீர்கள்

எம்.டி. பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, இதுவரை பேராசிரியர் முன்னால் நின்று கேஸ் சொன்னீர்கள். இனி முதலாண்டு பி.ஜி. சொல்வதைக் கேட்டு மதிப்பெண் போடும் இடத்தில் உட்காரப் போகிறீர்கள். அந்த வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு கேஸை வைத்துக்கொள்வோம். 48 வயதுப் பெண், இன்சுலின் போட்டுக்கொள்பவர். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு. காலில் சீழ் வைத்த புண். சர்க்கரை 460, ரத்தத்தில் கீட்டோன் அதிகம், பி.எச். 7.1, பொட்டாசியம் 2.8.

பி.ஜி. தடுமாறாமல் சொல்கிறார். "சாப்பிட முடியல, அதான் ஊசி போடல" என்று அந்த அம்மா சொன்னதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நோய் எப்படித் தொடங்கியது என்பது அந்த ஒரு பதிலிலேயே இருக்கிறது. வரலாற்றுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுங்கள். வயிற்றுவலிக்கு அமிலம் காரணமா, கணையமா என்று கேட்கிறீர்கள். "அமிலம் இறங்க இறங்க வலியும் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பேன்" என்கிறார். எதைக் கண்டால் தன் முடிவை மாற்றிக்கொள்வார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பகுத்தறிதலுக்கு நான்கு.

அடுத்து பிரச்சினைப் பட்டியல். கீட்டோ அமிலத்தன்மை முதலில், பிறகு கால்புண், சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்தசோகை, பொட்டாசியம் ஐந்தாவது. சிகிச்சைத் திட்டத்தில் முதல் வரியே இன்சுலின் டிரிப். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். 2.8 இன்னும் இறங்கினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். சலைனைத் தொடங்கி, சிறுநீர் போகிறதா என்று பார்த்து, இ.சி.ஜி. மானிட்டரில் வைத்து, மணிக்கு 10 முதல் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் ஏற்றி, அளவு 3.5-ஐ எட்டிய பிறகே இன்சுலினைத் தொட வேண்டும். ஆகவே முன்னுரிமைக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று.

கூட்டினால் இருபதுக்குப் பதினொன்று. தேர்ச்சி! இந்தக் கணக்கைத்தான் நான் ஏற்க மாட்டேன். நன்றாக எடுத்த வரலாறு, வரிசை தவறியதை ஈடுகட்டாது. முன்னுரிமைக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வையுங்கள். அதற்குக் கீழே போனால் மொத்தத்தைப் பார்க்கவே வேண்டாம். பொட்டாசியத்தை முதலில் வைத்துவிட்டு டோஸ் மட்டும் தெரியாமல் நின்றால் நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். டோஸை வார்டில் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எதை முதலில் தேட வேண்டும் என்று தெரியாதவர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்.

சரளமாகப் பேசுபவருக்கு நம் கை தாராளமாகிவிடும். வரலாறு முடிந்ததும் அதற்குரிய மதிப்பெண்ணை எழுதி, ஏன் என்று ஒரு வரியும் எழுதிவிட்டு அடுத்த பகுதியைக் கேளுங்கள். கடைசியில் மொத்தமாகப் போட்டால் நான்கும் ஒரே எண்ணாகத்தான் வரும்.

அந்த பி.ஜி.யை மறுநாளே இன்னொரு நோயாளியின் கட்டிலருகே அழைத்துப் போங்கள். வரலாறு சொல்ல வேண்டாம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, இந்த ஒரு மணி நேரத்துக்குள் இவர் உயிருக்கு ஆபத்தானது எது, அதற்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.