"இந்தக் கிழமை ஒன்றும் இல்லை" என்று ஒரு அறிக்கை



கடை வைத்திருப்பவர்களுக்கும், கடையில் கணக்கு எழுதுபவர்களுக்கும் இன்றைய பேச்சு. ஒரு பக்கம்கூட வராத ஒரு சின்னக் காகிதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கிழமைக்கு ஒருமுறை முதலாளிக்குப் போகிற பேமன்ட் ரன் அறிக்கை, அதுவும் "கட்டவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை" என்று சொல்லுகிற அறிக்கை.

பேமன்ட் ரன் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சரக்குக் கொடுத்தவர்களின் பில்கள் எல்லாம் கணினியில் பதியப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தவணை முடியும் திகதி உண்டு. கிழமையில் ஒருநாள் அந்தப் பட்டியலை ஓடவிட்டால், வரும் ஏழு நாட்களுக்குள் கட்டவேண்டியவற்றை அது பிரித்தெடுத்துத் தரும். அமீரகத்தில் இதனோடு இன்னொன்றும் சேரும்: பின்திகதியிட்ட காசோலைகள். கடை வாடகையிலிருந்து சரக்கு வரை இங்கே காசோலையில் ஓடுகிறது. நாங்கள் எழுதிக் கொடுத்தவற்றுக்கு வங்கியில் காசு இருக்கவேண்டும். எங்களுக்கு எழுதித் தந்தவற்றை உரிய நாளில் வங்கியில் போடவேண்டும்.

துபாயில் தெய்ராப் பக்கம் வாகன உதிரிப்பாகம் விற்கிற ஒருவருக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் ஊர்க்காரர், வேலையாட்கள் ஆறு பேர். அவருடைய கணினி நிரல் வெறுமையான கிழமைகளில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி அனுப்பும்: செயலாக்கத்துக்குத் தெரிவான பதிவுகள் இல்லை என்று. அது வந்த நாளெல்லாம் அவர் களஞ்சியத்திலிருந்து எனக்கு ஃபோன் எடுப்பார். "அண்ணை, ஏதோ பிழை எண்டு வந்திருக்கு." அந்த வரியில் பிழை என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சரி என்றும் ஒரு சொல் இல்லை. அதுதான் அவரைக் குழப்பியது.

தமிழில் எழுதித் தந்தால் தீர்ந்துவிடும் என்று அவரிடம் வேலைக்கு இருந்த பொடியன் ஒருவன் அதை மொழிபெயர்த்தான்: "இந்தக் கிழமை ஒன்றும் செலுத்தப்படவில்லை." முதலாளிக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. தமிழில் "செலுத்தப்படவில்லை" என்றால், செலுத்தவேண்டியது இருந்தும் செலுத்தாமல் விட்டதுபோல அல்லவா கேட்கிறது? "செலுத்த வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை" என்பது வேறு விஷயம். வெறும் "ஒன்றும் இல்லை" என்பதும் போதாது. எங்கள் ஆட்கள் வீட்டில் "என்ன நடந்தது?" என்று கேட்டால், ஏதாவது நடந்திருந்தால்தான் "ஒன்றும் இல்லை" என்பார்கள்.

கணக்கு முறையில் இதில் ஒரு கேள்வி உண்டு. பட்டியலைப் பார்த்து, கட்டவேண்டியது இல்லை என்று கண்டதா? அல்லது பட்டியலையே பார்க்கவில்லையா? இரண்டிலும் விடை பூச்சியம்தான். கோப்புத் திறக்காவிட்டாலும் பூச்சியம், வேறு ஆண்டின் கோப்பைத் திறந்தாலும் பூச்சியம், திகதி எல்லை தவறினாலும் பூச்சியம். அதனால் எத்தனை கட்டினோம் என்ற எண்ணுக்கு முன்னால் எத்தனை பார்த்தோம் என்ற எண் வரவேண்டும். பதினொன்றைப் பார்த்து ஒன்றும் கட்டத் தேவைப்படாதது நல்ல செய்தி. பார்த்ததே பூச்சியம் என்றால், பில் நிலுவை உள்ள கடையில் அது கோளாறு.

இப்போது அந்தக் கடைக்கு நாங்கள் அனுப்புகிற அறிக்கை இப்படி இருக்கும்.

காலம்: 2025 நவம்பர் 3 திங்கள் முதல் 9 ஞாயிறு வரை. சென்ற அறிக்கை நவம்பர் 2 ஞாயிறுடன் முடிந்தது.

ஓட்டம்: நவம்பர் 10 திங்கள் காலை 8.40. தடங்கல் இல்லாமல் முடிந்தது.

பார்த்த பில்கள்: 11. மொத்தம் 38,640 திர்ஹாம். சென்ற கிழமை இருந்தவை 9, புதிதாக வந்தவை 2, கட்டியவை 0.

பார்த்த காசோலைகள்: நாங்கள் கொடுத்தவை 3, எங்கள் கையில் உள்ளவை 4.

முடிவு: நவம்பர் 16 ஞாயிறுக்குள் கட்டவேண்டிய பில் ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் திகதிக்குள் வரும் காசோலையும் இருக்கவில்லை. ஆகவே காசு ஒன்றும் அனுப்பவில்லை. நீங்கள் செய்யவேண்டியதும் எதுவும் இல்லை.

அடுத்து வருவது: நவம்பர் 18 செவ்வாய், ஒரு பில், 6,300 திர்ஹாம். நவம்பர் 17 ஓட்டத்தில் அது வரும்.

இவ்வளவுதான். முதலாளி இதைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வாசித்து, தானே சரிபார்க்கலாம். ஒன்பதும் இரண்டும் பதினொன்று. சென்ற கிழமை மொத்தம் 31,290 திர்ஹாம். புதிய பில்கள் இரண்டும் 4,200, 3,150. கூட்டினால் 38,640 வருகிறது. இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தினால், ஓட்டம் சரியான கோப்பைத்தான் திறந்திருக்கிறது என்று கணினி தெரியாதவரும் நம்பலாம். புதிய பில் இரண்டு என்பதைக் களஞ்சியக்காரரிடம் கேட்டாலும் தெரியும். சரக்கு இறங்கினது எத்தனை தரம் என்று அவருக்கு மனப்பாடம்.

கடைசி வரியைச் சிலர் தேவையில்லை என்று வெட்டுவார்கள். எனக்கு அதுதான் பெரிய வரி. அடுத்து எது, எப்போது என்று சொல்லத் தெரிந்த அறிக்கை, பட்டியலைப் பார்த்த அறிக்கை.

காலம் என்ற முதல் வரிக்கு ஒரு கதை இருக்கிறது. அமீரகத்தில் 2006 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2022 ஜனவரியில் அதைச் சனி, ஞாயிறாக மாற்றினார்கள். வெள்ளி அரைநாள் வேலை. சார்ஜா அரசு அலுவலகங்கள் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் விடுமுறையாக்கின. புதிய முறையில் முதல் வேலை வெள்ளி 2022 ஜனவரி 7.

வேறொரு சின்ன வியாபாரத்தில், பழைய முறைக்காலத்தில் யாரோ செய்து கொடுத்த எக்செல் தாள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை வந்த பில்களை அது எடுக்கும். முன்பு அலுவலகம் வெள்ளி, சனி பூட்டு. அந்த நாட்களில் பில் பதிய ஆளே இல்லை. ஆகவே குறை தெரியவில்லை. மாற்றத்தின் பின் வெள்ளி காலையிலும் பில் வரத் தொடங்கியது. தாள் மட்டும் பழைய கிழமையிலேயே நின்றது. ஜனவரி 14 வெள்ளியன்று முப்பது நாள் தவணையில் ஒரு பில் வந்தது. ஜனவரி 9 முதல் 13 வரை பார்த்த அறிக்கையில் அது இல்லை. 16 முதல் 20 வரை பார்த்த அறிக்கையிலும் இல்லை. பெப்ரவரி 13 தவணை. அந்தக் கிழமையும் அறிக்கை "ஒன்றும் இல்லை" என்றே வந்தது. மாதக் கடைசியில் சரக்குக் கொடுத்தவர் ஃபோன் எடுத்துக் கேட்டபிறகுதான் பில்லைத் தேடினார்கள். அது கோப்பில் சரியாகவே பதியப்பட்டிருந்தது.

கண்டுபிடிக்க இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்தாலே போதுமாக இருந்தது. ஒன்று 13இல் முடிகிறது, மற்றது 16இல் தொடங்குகிறது. 14உம் 15உம் எங்கே? அதனால்தான் எங்கள் அறிக்கையில் ஏழு நாளும் இருக்கும், வேலை நாளோ விடுமுறையோ. சென்ற அறிக்கை முடிந்த நாளையும் எழுதுகிறோம். மறுநாள் இது தொடங்கவேண்டும். சவூதி, கட்டார், குவைத், பஹ்ரைன், ஓமானில் வார விடுமுறை இன்னும் வெள்ளி, சனிதான். துபாயில் ஒரு கடை, தோஹாவில் ஒரு கடை வைத்திருப்பவர்கள் "வேலைக்கிழமை" என்ற சொல்லையே அறிக்கையில் போடாதீர்கள். திகதியைப் போடுங்கள்.

அறிக்கையில் சந்தேகம் வந்தால் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பில் கோப்பின் பிரதி ஒன்றை எடுங்கள், உண்மைக் கோப்பைத் தொடவேண்டாம். அதில் ஒரு திர்ஹாமுக்கு ஒரு பொய்ப் பில் போட்டு, தவணையை இந்த வெள்ளிக்கு வையுங்கள். பிரதியை ஓடவிடுங்கள். அந்த ஒரு திர்ஹாம் மேலே வரவேண்டும். அப்போதும் "ஒன்றும் இல்லை" என்று வந்தால், அதுவரை வந்த வெறும் அறிக்கைகள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டியதுதான். ஒன்றை நினைவில் வையுங்கள்: பதியாத பில்லை இந்தச் சோதனை காட்டாது. மேசை லாச்சியில் கிடக்கிற பில்லை எந்த அறிக்கையும் காணாது. அதற்குக் களஞ்சியப் புத்தகத்தோடு ஒப்பிடுவது ஒன்றுதான் வழி.

காசோலை வரியைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஜனவரி 2 முதல் அமீரகத்தில், கணக்கில் காசு போதாமல் திரும்பிய காசோலை பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. அதனால் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவை வங்கி கொடுத்துவிடும். மீதிக்குக் காசோலை வைத்திருப்பவர் நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆகவே காசோலை எத்தனை பார்த்தோம் என்பதும் அறிக்கையில் இருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு "ஒன்றும் இல்லை" இருக்கிறது, அது அரசாங்கத்துக்குப் போவது. 2018 முதல் அமீரகத்தில் 5 வீத வாட் வரி. பதிவு செய்த வியாபாரம், அந்தக் காலத்தில் விற்பனையும் கொள்முதலும் இல்லாவிட்டாலும், பூச்சியம் என்று நிரப்பி EmaraTax தளத்தில் அனுப்பவேண்டும். காலம் முடிந்து 28ஆம் நாளுக்குள். கட்டவேண்டியது இல்லையே என்று பேசாமல் இருந்தால், வரிக்கல்ல, அனுப்பாததற்கே முதல் தடவை 1,000 திர்ஹாம் தண்டம். 24 மாதத்துக்குள் திரும்பவும் நடந்தால் 2,000. சும்மா கிடக்கிற உரிமத்தை மூடாமல் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுப்படுகிறார்கள்.

வெறும் அறிக்கைகளைக் கிழித்துப் போடாதீர்கள். வாட் வரிக்கு ஐந்து ஆண்டும், 2023 நடுப்பகுதியில் வந்த நிறுவன வரிக்கு ஏழு ஆண்டும் ஆவணங்களை வைத்திருக்கவேண்டும். காசு கட்டிய கிழமையின் அறிக்கைக்குப் பின்னால் கட்டாத கிழமையின் அறிக்கையையும் திகதி வரிசையில் அதே கோவையில் குத்திவிடுங்கள்.